64 சொல், 21 சொல்: ஒரு விற்பனை ஸ்லைடின் வரவு செலவு

ராஜபாளையம் வட்டாரத்தில், குறிப்பாகச் சத்திரப்பட்டியில், மருத்துவக் கட்டுத்துணியும் காஸ் துணியும் நெய்து வெளியூர்களுக்கு அனுப்பும் கூடங்கள் பல. அவற்றில் ஒன்றின் உரிமையாளர், மருத்துவமனைக் கொள்முதல் அதிகாரிகளிடம் காட்டும் தம் பிபிடியைத் திருத்தித் தரும்படி தேவதானத்தில் இருக்கும் என்னிடம் கொடுத்தார். வந்தபோது அதில் 14 ஸ்லைடு, 742 சொல். திரும்பிப் போனபோது 19 ஸ்லைடு, 171 சொல். ஸ்லைடுக்குச் சராசரி 53 சொல்லாக இருந்தது 9 ஆயிற்று. சொல் 77 சதவீதம் குறைந்தது, ஸ்லைடு 36 சதவீதம் கூடியது. அவர் முதலில் கேட்டது இரண்டாவது எண்ணைப் பற்றித்தான். "குறைக்கச் சொன்னா கூட்டிக் கொண்டாந்திருக்கியே தம்பி?"

அந்தக் கேள்விக்கு விடை ஐந்தாவது ஸ்லைடில் இருக்கிறது. மற்றவற்றை விட்டுவிட்டு அதை மட்டும் முழுமையாகக் கணக்குப் பார்க்கலாம். கணக்கைச் சரிபார்க்க வசதியாக அதன் பழைய வாசகத்தை அப்படியே தருகிறேன்.

தலைப்பு: எங்கள் தயாரிப்பின் தரம்
1. நவீன இயந்திரங்களில் நெய்து, வெளுத்து, கழுவி, உலர்த்தித் தயாரிக்கப்படும் 100 சதவீதப் பருத்தி காஸ் துணி
2. துணியின் எடை சதுர மீட்டருக்கு 23 கிராம் முதல் 30 கிராம் வரை, வாங்குவோர் கேட்கும் அளவில் கிடைக்கும்
3. தண்ணீரில் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்கும். ஒவ்வொரு வெளுப்புத் தொகுதியிலும் சோதனை செய்யப்படுகிறது
4. அனுபவம் மிக்க பணியாளர்களும் சர்வதேசத் தரத்திலான ஆய்வகமும் உள்ளன
5. குறைந்தபட்ச ஆர்டர் 5,000 மீட்டர். ஆர்டர் உறுதியானதிலிருந்து 12 நாளில் அனுப்பப்படும்
6. நியாயமான விலை, குறித்த நேரத்தில் விநியோகம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்

எண்களையும் சொல்லாகக் கொண்டால் தலைப்பில் 3 சொல், ஆறு வரிகளில் முறையே 12, 14, 10, 7, 9, 9. மொத்தம் 64. இதை வாய்விட்டுப் படிக்க எனக்கு 42 வினாடி ஆனது. மனத்துக்குள் படிக்க 26. உரிமையாளர் இந்த ஸ்லைடில் நிற்பது ஏறத்தாழ 50 வினாடி. ஆக, எதிரே இருப்பவர் எல்லாவற்றையும் படிப்பதாக இருந்தால், அந்த 50 வினாடியில் பாதிக்கும் மேல் அவர் காது வேலை செய்யாது. அவர் பேச்சைக் கேட்பதாக இருந்தால் ஸ்லைடு படிக்கப்படாது. இரண்டில் எது நடக்கும் என்பது பேசுபவர் கையில் இல்லை.

முதல் வெட்டு 16 சொல். 4ஆவது வரியும் 6ஆவது வரியும் சேர்ந்து 64-இல் சரியாகக் கால் பங்கு. இவற்றை எடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: வரியைத் தலைகீழாக்கிப் பார்ப்பது. 'அநியாய விலை', 'அனுபவமற்ற பணியாளர்கள்' என்று எந்த விற்பனையாளரும் சொல்லப்போவதில்லை. யாருமே மறுத்துச் சொல்லாத ஒன்றை நாம் சொல்வதால் வாங்குபவருக்குக் கிடைக்கும் தகவல் பூஜ்யம். 5,000 மீட்டரை 2,000 என்றோ 10,000 என்றோ இன்னொரு கூடம் சொல்லக்கூடும். எனவே அது தகவல். தலைப்பின் 3 சொல்லும் இந்தச் சோதனையில் தேறவில்லை. முதல் வரியில் '100 சதவீதப் பருத்தி' என்ற 3 சொல் தேறியது, மீதி 9 விழுந்தது. காஸ் துணியை நெய்து, வெளுத்து, கழுவி, உலர்த்தாமல் விற்பவர் இல்லை.

இப்படி அறவே நீங்கியவை 16, 3, 9 எனக் கூட்டினால் 28 சொல், அதாவது 44 சதவீதம். அடுத்து இடம் மாறியவை 12 சொல், 19 சதவீதம். பருத்தி விவரமும் (3 சொல்) குறைந்தபட்ச ஆர்டர் அளவும் (4 சொல்) விலைப்பட்டியல் தாளுக்குப் போயின. 'ஒவ்வொரு வெளுப்புத் தொகுதியிலும் சோதனை செய்யப்படுகிறது' என்ற 5 சொல் வாயால் சொல்வதற்கென்று குறிப்புப் பகுதிக்குப் போயிற்று. இந்த 12 சொல்லும் இன்னும் வாங்குபவரைச் சென்றடைகின்றன, திரையின் வழியாக மட்டும் இல்லை. எஞ்சிய 24 சொல்தான் புதிதாக வார்க்கப்பட்டது. அது 21 சொல்லாகி மூன்று ஸ்லைடில் நின்றது:

எங்கள் காஸ் 7 வினாடிக்குள் தண்ணீரில் மூழ்கும் (6 சொல்)
சதுர மீட்டருக்கு 23 முதல் 30 கிராம் வரை நெய்வோம் (8 சொல்)
20,000 மீட்டர் வரை 12 நாளில் லாரி ஏறும் (7 சொல்)

பழைய ஸ்லைடில் 64 சொல்லுக்கு 6 எண், அதாவது 9 சதவீதம். புதிய மூன்றிலும் சேர்த்து 21 சொல்லுக்கு 5 எண், 24 சதவீதம். வார்த்த 24 சொல்லில் குறைந்தது 3 மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். சுருக்கம் என்று வெளியே தெரிவதில் பெரும்பகுதி நீக்கலும் இடமாற்றமும்தான். வாக்கியத்தை இறுக்கிச் சேமித்தது மிகக் கொஞ்சம். பழைய ஸ்லைடில் ஒன்றோடொன்று போட்டியிட்ட மூன்று செய்திகளுக்கு இப்போது ஆளுக்கொரு ஸ்லைடு. கூடிய ஐந்து ஸ்லைடில் இரண்டு இந்த வகையில் வந்தவை.

கூர்ந்து படித்தவர்கள் இரண்டு எண்கள் மாறியிருப்பதைக் கண்டிருக்கலாம். 10 வினாடி 7 ஆகிவிட்டது. 5,000 மீட்டர் 20,000 ஆகிவிட்டது. உண்மையான வேலை நடந்தது இந்த இரண்டு இடத்தில்தான்.

10 என்பது உறிஞ்சும் காஸுக்கும் பஞ்சுக்கும் தரநிலைகள் வழக்கமாக வைத்திருக்கும் மேல்வரம்பு. துணியைத் தண்ணீரின் மேல் விட்டால் அதற்குள் நனைந்து மூழ்கியாக வேண்டும். பருத்தியின் இயற்கை மெழுகோ, பாவில் ஏற்றிய கஞ்சியோ வெளுப்பில் முழுதாகப் போகாவிட்டால் துணி மிதக்கும். அப்படியானால் '10 வினாடிக்குள்' என்பது சட்டப்படி விற்கத் தகுந்த சரக்கு என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. ஆறு வரிக்கு நடுவே கிடந்தபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. 40 புள்ளி எழுத்தில் தனியாக நின்றபோது உரிமையாளரே சொன்னார்: "இதைப் பக்கத்துக் கூடத்துக்காரரும் போடலாமே." சோதனைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். கடைசி 30 தொகுதியில் மிகக் குறைந்தது 4 வினாடி, மிக அதிகம் 7, சராசரி 5. அவருக்கு 5-ஐப் போட ஆசை. நான் 7-ஐ எழுதினேன். சராசரியை எழுதினால் பல தொகுதிகள் வாக்குத் தவறும். மோசமானதை எழுதினால் அந்த 30-இல் ஒன்றும் தவறாது, அப்போதும் வரம்பைவிட 3 வினாடி முன்னே நிற்கும்.

20,000 வந்த கதை கொஞ்சம் நீளம். முதலில் நான் எழுதிய வரி '5,000 மீட்டர் ஆர்டர் 12 நாளில் லாரி ஏறும்'. படித்துப் பார்த்தவர் தலையசைத்துவிட்டு, "50,000 கேட்டா 12 நாள்ல முடியாது தம்பி" என்றார். பழைய வரியில் அந்த வரம்பு எங்கும் இல்லை. குறைந்தபட்ச அளவு இருந்தது, 12 நாள் இருந்தது. 12 நாள் எத்தனை மீட்டர் வரைக்கும் என்பது இல்லை. படித்தவர்கள் எந்த அளவுக்கும் 12 நாள் என்று எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எனவே கூடத்தின் கணக்குக்குள் போனோம். அவருடைய வெளுப்புக் கலன் ஒரு தடவைக்கு 600 கிலோ துணி கொள்ளும். வெளுப்பில் 10 சதவீத எடை போகும் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. மிஞ்சுவது 540 கிலோ. துணியின் அகலம் 90 செ.மீ. சதுர மீட்டருக்கு 30 கிராம் என்றால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை 27 கிராம். 540 கிலோவை 27 கிராமால் வகுத்தால் 20,000 மீட்டர். அதுவரை ஒரே தொகுதி, 12 நாள். அதற்கு மேல் ஒவ்வொரு தொகுதிக்கும் கலன் முறை வரக் காத்திருந்து 3 நாள் கூடும் என்றார். 50,000 மீட்டருக்கு 1,350 கிலோ, அதாவது மூன்று தொகுதி, 18 நாள். இந்த 18 திரையில் வரவில்லை. கேட்டால் சொல்வதற்குக் குறிப்பில் இருக்கிறது. 23 கிராம் துணியானால் அதே கலனில் 26,000 மீட்டர் வரை அடங்கும். ஆனாலும் வரியில் கனமான துணியின் கணக்கையே வைத்தோம், 7 வினாடிக்குச் சொன்ன அதே காரணத்துக்காக.

இரண்டாவது வரியில் அலகைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. 'சதுர மீட்டருக்கு' என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டால் 8 சொல் 6 ஆகும். தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும் என்றார். மருத்துவமனைகளில் கொள்முதல் பார்ப்பவர் எல்லாரும் துணித் தொழிலில் இருப்பவர்கள் அல்லர். 23-க்கும் 30-க்கும் இடையே உள்ள 7 கிராம், 90 செ.மீ. அகலத்தில் 20,000 மீட்டருக்கு, அதாவது 18,000 சதுர மீட்டருக்கு, 126 கிலோ பருத்தி. மீட்டருக்கா சதுர மீட்டருக்கா என்ற குழப்பம் வந்தால் 90 செ.மீ. துணியில் 10 சதவீத எடை வித்தியாசம். இரண்டு சொல் தங்கின.

குறைத்த எழுத்துக்குக் கிடைக்கும் இடத்தின் மதிப்பு கைபேசியில்தான் தெரிகிறது. பவர்பாயிண்ட்டின் இன்றைய வழக்கமான ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். இந்தப் பிபிடியைப் பெரும்பாலோர் பார்ப்பது வாட்ஸாப்பில் வந்த பிடிஎஃப்பாக, நிமிர்த்திப் பிடித்த கைபேசியில். திரையின் அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. அளவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பழைய ஸ்லைடில் இருந்த 18 புள்ளி எழுத்து அங்கே 3.7 புள்ளி, அதாவது 1.3 மி.மீ. நாளிதழின் செய்தி எழுத்து ஏறத்தாழ 9 புள்ளி. புதிய வரிகளின் 40 புள்ளி கைபேசியில் 8.3 புள்ளியாகிறது. விரலால் பெரிதாக்காமல் படிக்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 40 புள்ளியில் இந்த வரிகள் இரண்டு வரிசையாக மடங்கின. மூன்றாவது வரிசைக்குப் போனால் மறுபடியும் வெட்டுவது என் வழக்கம். ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் 'வரிக்கு ஆறு சொல்' கணக்கை நம் மொழியில் அப்படியே வைக்க இயலாது. 'உறுதியானதிலிருந்து' என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் செலவாகும்.

முழு வாக்கியத் தலைப்பால் பயன் உண்டா என்பதற்கு அளவிட்ட சான்று சிறிது இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பாட வகுப்புகளை வைத்து மைக்கேல் ஆலி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைப்பாக ஓரிரு சொல் மட்டும் இருந்த ஸ்லைடுகளில் படித்தவர்கள் 69 சதவீத விடைகளைச் சரியாகச் சொன்னார்கள். கருத்தை முழு வாக்கியமாகச் சொன்ன தலைப்புகளில் படித்தவர்கள் 79 சதவீதம். வித்தியாசம் 10 புள்ளி. அது வகுப்பறை, தேர்வுக்குப் படிப்பவர் மனநிலையும் கொள்முதல் செய்பவர் மனநிலையும் ஒன்றல்ல. ஆகவே இந்த 10-ஐ விற்பனைக் கூட்டத்துக்கு அப்படியே தூக்கிவர நான் தயாரில்லை. 'எங்கள் தயாரிப்பின் தரம்' என்பதைவிட 'எங்கள் காஸ் 7 வினாடிக்குள் தண்ணீரில் மூழ்கும்' என்பது நினைவில் நிற்கும் என்ற திசையை மட்டும் அது காட்டுகிறது.

தலைப்பு ஒன்று சொல்ல, எண் வேறொன்று சொல்லும் ஸ்லைடுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 640 மடங்கு. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்ட கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி 1-இல் சிதறுவதற்கு முன், அதன்மேல் மோதிய நுரைத் துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் காட்டிய ஸ்லைடு அது. முந்தைய சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், ஏறத்தாழ 49 மில்லிலிட்டர். உண்மையில் மோதிய துண்டுக்கு அவர்கள் மதிப்பிட்டது 1,920 கன அங்குலம், 31 லிட்டர். சோதனை முடிவுகள் பாதுகாப்புப் பக்கம் சாய்ந்திருப்பதாகத் தலைப்பு சொன்னது. அந்தச் சோதனைகள் இந்த அளவுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தைக் கிளப்பும் இரண்டு எண்களும் அடியில், கடைசி உட்குறிப்பில் கிடந்தன. எட்வர்ட் டஃப்டி செய்த இந்தப் பகுப்பாய்வை விபத்து விசாரணைக் குழு 2003 ஆகஸ்ட் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. விபத்துக்கு ஸ்லைடு காரணமல்ல. எண் எங்கே உட்கார்ந்திருந்தது என்பதற்கு மட்டும் இதை எடுக்கிறேன்.

நம் பிபிடியிலும் இதன் சிறிய வடிவம் ஒன்று 11ஆவது ஸ்லைடில் இருந்தது. சில்லறைப் பொட்டலமிட்ட கட்டுத்துணிக்கான விலை விவரம், மொத்தம் ஒன்பது வரி. ஏழாவது வரியில் 'ஜிஎஸ்டி 12 சதவீதம்'. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் ஆர்டருக்கு 12,000 ரூபாயாக இருந்த வரி 5,000 ஆனதை, வாங்குபவருக்கு நல்ல செய்தியாகச் சொல்ல வேண்டிய கூடம், பழைய எண்ணையே திரையில் காட்டிக்கொண்டிருந்தது. கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஒன்பது வரியில் ஏழாவதை அதை எழுதியவரே திரும்பப் படிப்பதில்லை என்பதும் உண்மை. புதிய பிபிடியில் அது தனி ஸ்லைடு: 'கட்டுத்துணிக்கு வரி இப்போது 5 சதவீதம்தான்'.

ஸ்லைடு கூடியதால் நேரம் கூடியதா என்பதற்கும் கணக்கு உண்டு. அவருக்குக் கூட்டத்தில் கிடைப்பது 20 நிமிடம். 14 ஸ்லைடுக்கு ஸ்லைடு ஒன்றுக்கு 86 வினாடி. 19-க்கு 63 வினாடி. கய் கவாசாகி 2005-இல் எழுதிப் பரவிய விதி 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளி எழுத்து. ஸ்லைடுக்கு 120 வினாடி. முதலீட்டாளரிடம் தொழில் யோசனையை விற்பவர்களுக்குச் சொன்ன விதி அது, எண்ணிக்கையை வரம்பாக்குகிறது. எண்ணிக்கையைப் பிடித்து வைத்தால் மூன்று செய்தி மறுபடி ஒரே ஸ்லைடில் நெருக்கியடிக்கும். நான் 10-ஐ விட்டேன், 20-ஐயும் 30-ஐயும் வைத்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க எனக்கு வாய்த்தவர் ஒருவர்: தேங்காய் மண்டியில் கணக்கெழுதும் என் மதினி. வீட்டுத் திண்ணையில் கைபேசியில் பழைய ஐந்தாம் ஸ்லைடை 5 வினாடி காட்டி மறைத்தேன். "பருத்தின்னு பாத்தேன் தம்பி, ஏதோ நூறு சதவீதம்." மறுநாள் புதிய மூன்றையும் தனித்தனியே 5 வினாடி. 12 நாளும் 20,000 மீட்டரும் சொன்னார், 7 வினாடியும் சொன்னார். எடை மட்டும் "இருபதுக்கு மேல" என்று நின்றது. ஒரே ஆளை வைத்துச் செய்ததைச் சோதனை என்று அழைக்க முடியாது. ஆனால் எடை வரியில் இரண்டு எண் இருப்பது ஒன்று அதிகமோ என்ற ஐயம் எனக்கு அப்போது வந்தது, இன்னும் தீரவில்லை.

செலவு: 14 ஸ்லைடுக்கு என் நேரம் 9 மணி 30 நிமிடம். ஸ்லைடுக்கு 41 நிமிடம். இதில் எழுதுவதற்கும் வெட்டுவதற்கும் ஆனது 4 மணி. மீதி 5 மணி 30 நிமிடம், அதாவது 58 சதவீதம், பதிவேடு பார்க்கவும் உரிமையாளரிடம் கேட்டுச் சரிபார்க்கவும் போயிற்று. கூலி பேசும்போது அவர் சொல்லை எண்ணினார், நான் மணியை எண்ணினேன்.

ஒரு வரியில் மட்டும் நான் தோற்றேன். "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்" எங்காவது இருந்தாக வேண்டும் என்றார். அவருடைய அப்பா காலத்துப் பில் புத்தகத்திலேயே அச்சடித்திருந்த வாசகமாம். தலைகீழாக்கும் சோதனையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வாங்குறவங்களுக்கு இல்ல தம்பி" என்றார். 19ஆவது ஸ்லைடில், கூடத்தின் முகவரிக்கு மேலே அது இருக்கிறது. மொத்தம் 171 சொல் என்றதில் அந்த நான்கும் அடக்கம்.